சிக்மா, பை பிணைப்புகளை எண்ணுவதும் ஒப்பிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி மயூர் விஹாரில் பதினொன்றாம் வகுப்புத் தமிழ் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் வேதியியல் சொல்லித் தருகிறேன். வேதிப்பிணைப்புப் பாடம் தொடங்கியதும் ஆண்டுதோறும் அதே ஐயங்கள் திரும்பி வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான விடைகளுக்கு அக்ரைலோநைட்ரைல் என்ற ஒரே மூலக்கூறை எடுத்துக்கொண்டேன். ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, முப்பிணைப்பு மூன்றும் அந்தச் சிறிய மூலக்கூறில் ஒருங்கே இருக்கின்றன.

சிக்மா, பை ரெண்டுமே எலக்ட்ரான் ஜோடிதானே சார், அப்புறம் என்ன வித்தியாசம்?

அந்த எலக்ட்ரான் இணை எங்கே தங்குகிறது என்பதுதான் வேறுபாடு. இரு அணுக்கருக்களையும் இணைக்கும் நேர்கோட்டை அச்சு என்று கொள்வோம். இரு ஆர்பிட்டால்கள் அந்த அச்சின் வழியே நேருக்கு நேர் மேற்பொருந்தும்போது எலக்ட்ரான் அடர்த்தி அச்சின் மீதே, இரு அணுக்கருக்களுக்கும் நடுவில் மிகுந்திருக்கும். அது சிக்மா பிணைப்பு. அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும் இரு p ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் மேற்பொருந்தும்போது அடர்த்தி அச்சுக்கு மேலே ஒரு பகுதியாகவும் கீழே ஒரு பகுதியாகவும் அமையும், அச்சின் மீது ஏதும் இராது. அது பை பிணைப்பு.

படத்தில் மேலும் கீழும் இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டு, இரட்டைப் பிணைப்பில் இரண்டு பை பிணைப்புகள் உள்ளன என்று எழுதுபவர்கள் உண்டு. மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சேர்ந்துதான் ஒரே பை பிணைப்பு. இரண்டிலும் சேர்த்து இருப்பவை இரண்டே எலக்ட்ரான்கள். ஆகவே ஒற்றைப் பிணைப்பு என்றால் ஒரு சிக்மா, இரட்டைப் பிணைப்பு என்றால் ஒரு சிக்மாவும் ஒரு பையும், முப்பிணைப்பு என்றால் ஒரு சிக்மாவும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அமைந்த இரண்டு பையும்.

CH2=CHCN-னு ஃபார்முலா மட்டும் குடுத்தா எங்கேருந்து எண்ண ஆரம்பிக்கணும்?

எண்ணுவதற்கு முன் முழு அமைப்பையும், ஒரு ஹைட்ரஜனைக்கூட விடாமல், கோடுகளாக வரைந்துவிட வேண்டும். பிழைகளில் பெரும்பகுதி எண்ணும்போது நேர்வதில்லை, சுருக்கி எழுதிய வாய்பாட்டை விரிக்காமல் விடுவதால்தான் நேர்கிறது. இங்கே CN என்று சுருக்கி எழுதப்பட்டிருப்பது உண்மையில் C≡N. அதைக் கவனிக்காதவர்கள் இரண்டு பை பிணைப்புகளை அப்போதே இழந்துவிடுகிறார்கள்.

விரித்தால் H2C=CH–C≡N என்று வரும். இடப்பக்கக் கார்பனில் இரண்டு C–H, நடுக் கார்பனில் ஒரு C–H, ஆக மூன்று சிக்மா. அடுத்து C=C, அதில் ஒரு சிக்மா, ஒரு பை. பிறகு நடுவிலுள்ள C–C, ஒரு சிக்மா. இறுதியில் C≡N, ஒரு சிக்மா, இரண்டு பை. கூட்டினால் சிக்மா ஆறு, பை மூன்று. நைட்ரஜனின் மேல் ஒரு தனித்த எலக்ட்ரான் இணையும் இருக்கிறது. அது எந்த இரு அணுக்களையும் இணைக்காததால் இந்த எண்ணிக்கையில் சேராது.

எண்ணினது சரியான்னு விடைத்தாள் இல்லாமலே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இரண்டு சோதனைகள் இருக்கின்றன, இரண்டையும் செய்து பார்ப்பதே நல்லது. முதலாவது சிக்மாவுக்கு உரியது. வளையம் இல்லாத மூலக்கூறில் அணுக்களை ஒன்றோடொன்று கோக்க, அணுக்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான இணைப்புகள் போதும். ஒவ்வொரு வளையமும் ஓர் இணைப்பைக் கூட்டும். எனவே சிக்மாவின் எண்ணிக்கை அணுக்களிலிருந்து ஒன்றைக் கழித்து, வளையங்களைக் கூட்டினால் கிடைக்கும். அக்ரைலோநைட்ரைலில் ஏழு அணுக்கள், வளையம் இல்லை, ஆகவே ஆறு.

இரண்டாவது சோதனை மொத்தத்துக்கு உரியது. எல்லா அணுக்களின் இணைதிற எலக்ட்ரான்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் இணைகள், சிக்மா, பை, தனித்த இணை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். மூன்று கார்பனுக்குப் பன்னிரண்டு, மூன்று ஹைட்ரஜனுக்கு மூன்று, நைட்ரஜனுக்கு ஐந்து, மொத்தம் இருபது எலக்ட்ரான்கள், அதாவது பத்து இணைகள். ஆறு சிக்மா, மூன்று பை, ஒரு தனித்த இணை: பத்து.

நுழைவுத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் டெட்ராசயனோஎத்திலீன், (NC)2C=C(CN)2, இந்தச் சோதனைகளின் அருமையை நன்றாகக் காட்டும். பத்து அணுக்கள், வளையம் இல்லை, ஒன்பது சிக்மா. மொத்த எலக்ட்ரான்கள் 24-உம் 20-உம் சேர்ந்து 44, அதாவது 22 இணைகள். நான்கு நைட்ரஜன்களிலும் நான்கு தனித்த இணைகள். 22-இல் ஒன்பதையும் நான்கையும் கழித்தால் பை ஒன்பது என்று படம் வரையாமலே தெரிந்துவிடும். எதிர்மின்னோ நேர்மின்னோ உள்ள அயனி என்றால் அந்த மின்சுமைக்கு ஏற்ப எலக்ட்ரான்களைக் கூட்டவோ கழிக்கவோ மறக்கக் கூடாது. கால்சியம் கார்பைடு போன்ற அயனிச் சேர்மத்தில் முழு வாய்பாட்டையும் ஒரே மூலக்கூறாகக் கொள்ளாமல், C≡C உள்ள கார்பைடு அயனியை மட்டும் எண்ண வேண்டும்: ஒரு சிக்மா, இரண்டு பை.

நாப்தலீன்ல வளையம் ரெண்டா மூணா? வெளிச்சுற்றையும் சேர்க்கணுமா?

இரண்டுதான். இரு அறுகோணங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளிச்சுற்று அவ்விரண்டிலிருந்தே பெறப்படுவது, தனி வளையம் அன்று. C10H8 என்பதில் 18 அணுக்கள், இரண்டு வளையங்கள், எனவே 19 சிக்மா. எலக்ட்ரான் இணைகள் 24, தனித்த இணை இல்லை, எனவே பை ஐந்து.

டபுள் பாண்ட் ஏன் நீளம் குறைஞ்சு போகுது? கூடுதலா எலக்ட்ரான் வந்தா ஒண்ணையொண்ணு தள்ளாதா?

எலக்ட்ரான்களுக்கிடையே விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் இரு நேர்மின் அணுக்கருக்களுக்கு இடைப்பட்ட வெளியில் கூடுதல் எதிர்மின் அடர்த்தி சேரும்போது, இரு கருக்களும் அதை நோக்கி ஈர்க்கப்படும் விசை அந்த விலக்கை வென்றுவிடுகிறது. பை பிணைப்புக்கு வேறொரு தேவையும் உண்டு: பக்கவாட்டு மேற்பொருந்துதல் நடக்க இரு p ஆர்பிட்டால்களும் நெருங்கி நிற்க வேண்டும். இவற்றோடு இனக்கலப்பின் பங்கும் சேர்கிறது. அதைப் பிறகு வரும் ஒரு விடையில் தனியே பார்ப்போம்.

கார்பனுக்கு நினைவில் வைக்க வேண்டியவை மூன்று எண்கள்: ஈத்தேனில் C–C 154 பிகோமீட்டர், எத்திலீனில் C=C 134, அசிட்டிலீனில் C≡C 120. முதல் பை வந்ததும் 20 குறைகிறது, இரண்டாவது வந்ததும் மேலும் 14 மட்டுமே குறைகிறது. நெருங்க நெருங்கக் கருக்களுக்கிடையே உள்ள விலக்கு விரைந்து ஏறுவதால், ஒவ்வொரு கூடுதல் பிணைப்பும் முன்னதைப் போல அவ்வளவு தூரம் இழுத்துவிட முடிவதில்லை.

அப்போ டபுள் பாண்ட் சிங்கிள் பாண்டைவிட ரெண்டு மடங்கு பலம்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. ஒரு மோல் பிணைப்புகளை உடைக்கத் தேவையான ஆற்றலைப் பார்த்தால், C–C-க்குச் சுமார் 347 கிலோஜூல், C=C-க்குச் சுமார் 614, C≡C-க்குச் சுமார் 839. இவை பல சேர்மங்களின் சராசரிகள் என்பதால் நூலுக்கு நூல் சில அலகுகள் வேறுபடும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு மடங்கு என்றால் 694 வந்திருக்க வேண்டும், மூன்று மடங்கு என்றால் 1041.

குறைவது எங்கே என்று கழித்துப் பாருங்கள். 614-இலிருந்து 347 போனால் 267. இதைத்தான் முதல் பை பிணைப்பின் பங்கு என்று சொல்கிறோம். 839-இலிருந்து 614 போனால் 225. இது இரண்டாவது பையின் பங்கு. கார்பனைப் பொறுத்தவரை பை பிணைப்பு சிக்மாவைவிட வலு குறைந்தது. ஆனாலும் அது சிக்மாவுக்குப் பதிலாக வருவதில்லை, சிக்மாவுடன் கூடுதலாக வருகிறது. ஆகவே மொத்தத்தில் முப்பிணைப்பே வலியது, அடுத்தது இரட்டை, கடைசியில் ஒற்றை.

சிக்மா அப்படியே இருக்கறதால அந்த 267-ங்கறது வெறும் கழித்தல் கணக்குதானே? பையைத் தனியா அளந்து பார்த்திருக்காங்களா?

நல்ல ஐயம். இரட்டைப் பிணைப்பில் உள்ள சிக்மா, ஒற்றைப் பிணைப்பின் சிக்மாவுக்கு முற்றும் சமம் என்று கொண்டுதான் அந்தக் கழித்தலைச் செய்கிறோம். நீளம் குறைந்திருப்பதால் அது சற்றே மாறியிருக்கும். இருந்தாலும் வேறொரு வழியில் சரிபார்க்க முடிகிறது. எத்திலீனின் ஒரு CH2 முனையை மற்றதற்கு எதிராக 90 பாகை திருப்பினால் இரு p ஆர்பிட்டால்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகி மேற்பொருந்துதல் அற்றுப்போகும். சிக்மாவோ அச்சின் மீது இருப்பதால் பெரிதும் பாதிக்கப்படாது. இந்தத் திருப்பத்துக்குத் தேவையான ஆற்றல் ஒரு மோலுக்கு 270 கிலோஜூலுக்கு அருகில் வருகிறது. கழித்தலில் கிடைத்த எண்ணும் இதுவும் இவ்வளவு அணுக்கமாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தங்களில் ஒன்று.

ஈத்தேனில் அதே திருப்பத்துக்கு 12 கிலோஜூல் போதும், எனவே அறை வெப்பநிலையிலேயே அது ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. 2-பியூட்டீன் சிஸ், டிரான்ஸ் என்ற இரு தனித்தனிப் பொருள்களாகப் புட்டியில் நிலைத்திருப்பது இந்தப் பெரும் தடையால்தான்.

டபுள் பாண்ட் வலுவானதுன்னா எத்திலீன் ஏன் ஈத்தேனைவிட வேகமா வினைபுரியுது?

வினையில் பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பு முழுவதும் உடைவதில்லை. பை மட்டுமே உடைகிறது. பை எலக்ட்ரான்கள் அச்சுக்கு வெளியே, வந்து தாக்கும் துகளுக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. 267 செலவாகும் ஒரு பையைக் கொடுத்து 347 தரும் ஒரு சிக்மாவைப் பெறுவது ஆற்றல் கணக்கில் ஆதாயம்.

தில்லிக் குளிரில் சரோஜினி நகர்க் கடைகளில் குவிந்து கிடக்கும் அக்ரிலிக் ஸ்வெட்டர்கள் இந்த ஆதாயத்தால் உருவானவை. அவற்றின் இழை பெரும்பாலும் அக்ரைலோநைட்ரைல் மூலக்கூறுகளைத் தொடராகக் கோத்துச் செய்யப்படுவது. ஒவ்வொரு மூலக்கூறிலும் C=C-யின் பை அவிழ்ந்து, பக்கத்து மூலக்கூறோடு ஒரு புதிய C–C சிக்மா உண்டாகிறது. மேலே சொன்ன எண்களின்படி ஒவ்வொரு மோலுக்கும் 347 கழித்தல் 267, அதாவது ஏறக்குறைய 80 கிலோஜூல் வெளிப்பட வேண்டும். அளந்து கண்ட மதிப்பும் இதற்கு அருகிலேயே இருக்கிறது. இந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் வினை கட்டுக்கு மீறிவிடும் என்பதால் தொழிற்சாலைகளில் குளிர்விப்புக்குப் பெரும் கவனம் கொடுக்கிறார்கள்.

இதே மூலக்கூறில் இன்னும் இரண்டு பை பிணைப்புகள் C≡N-இல் இருக்கின்றன. தொடர் வளரும்போது அவை அப்படியே நின்றுவிடுகின்றன. C≡N-இன் ஆற்றல் சுமார் 891, C=N-இனுடையது சுமார் 615. அங்கே ஒரு பையை அவிழ்க்க 276 செலவு, பதிலுக்குக் கிடைக்கும் C–N சிக்மாவோ சுமார் 305 தான். ஆதாயம் மிகச் சிறிதாக இருப்பதால் C=C-யே முந்திக்கொள்கிறது. தேர்வில் இதை இப்படிக் கேட்பார்கள்: அக்ரைலோநைட்ரைல் பலபடியாகும்போது ஒரு அலகுக்குப் பை எத்தனை குறையும்? ஒன்றே ஒன்று, மூன்றாக இருந்தது இரண்டாகிறது, சிக்மா ஒன்று கூடுகிறது.

அக்ரைலோநைட்ரைல்ல நடுவுல இருக்கற C–C சிங்கிள் பாண்ட்தானே? அது ஏன் 154 இல்லை?

அங்கே அளந்த நீளம் சுமார் 143 பிகோமீட்டர்; C=C 134, C≡N 116. ஈத்தேனின் ஒற்றைப் பிணைப்பைவிட 11 குறைவு என்பது அளவுப் பிழையாக இருக்க முடியாத வேறுபாடு. ஈத்தேனில் இரு கார்பன்களும் sp3 இனக்கலப்பு. இங்கே ஒன்று sp2, மற்றது sp. s ஆர்பிட்டால் அணுக்கருவுக்கு நெருங்கியிருப்பது, எனவே இனக்கலப்பு ஆர்பிட்டாலில் s-இன் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 33-க்கும் 50-க்கும் ஏற ஏற அந்த ஆர்பிட்டால் குறுகி, பிணைப்பும் குட்டையாகிறது.

இதோடு, இருபுறமும் பை பிணைப்புகள் இருப்பதால் அவற்றின் எலக்ட்ரான் அடர்த்தி நடுப்பிணைப்பின் மீதும் சிறிது பரவுகிறது. இரண்டில் எது எவ்வளவு குறைக்கிறது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. என் கருத்தில் மாணவர்கள் இனக்கலப்பை முதலில் எழுதி, பரவலை அடுத்ததாக எழுதுவது பாதுகாப்பானது. பரவல் முழுமையாக நடக்கும் பென்சீனில் ஆறு C–C பிணைப்புகளும் ஒரே நீளம், 139 பிகோமீட்டர். எனினும் எண்ணும்போது பன்னிரண்டு சிக்மா, மூன்று பை என்றே வரும். வட்டம் போட்டு வரைந்தாலும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறுவதில்லை.

பை எப்பவும் சிக்மாவைவிட பலம் குறைவுன்னு பொதுவா வச்சுக்கலாமா?

கார்பனுக்கு வைத்துக்கொள்ளலாம், நைட்ரஜனுக்குக் கூடாது. N–N சுமார் 163 கிலோஜூல், N=N சுமார் 418, N≡N 945. முன்பு செய்தது போலவே கழித்தால் முதல் பையின் பங்கு 255, இரண்டாவதன் பங்கு 527. இரண்டுமே சிக்மாவை மிஞ்சுகின்றன. இங்கே பை திடீரென்று வலுப்பெற்றுவிட்டது என்பதைவிட, ஒற்றைப் பிணைப்பு தன் இயல்புக்கும் கீழே தாழ்ந்து நிற்கிறது என்று பார்ப்பதே பெரும்பகுதி உண்மை. ஹைட்ரசீனில் இரு நைட்ரஜன்களும் சுமார் 145 பிகோமீட்டர் தொலைவில் நிற்க, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தனித்த எலக்ட்ரான் இணை இருக்கிறது. அவை ஒன்றையொன்று விலக்கிப் பிணைப்பை நலியச் செய்கின்றன. N2-இல் தொலைவு 110 தான் என்றாலும் அந்தத் தனித்த இணைகள் அச்சின் வெளிப்புறம் நோக்கி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்பதால் அந்த விலக்கு பெரிதும் தணிகிறது.

விளைவை இரு வாயுக்களில் காணலாம். மூன்று C–C பிணைப்புகள் சேர்ந்து 1041, ஒரு C≡C 839. எனவே அசிட்டிலீனுக்குத் தன் பை பிணைப்புகளை விட்டுவிட எப்போதும் காரணம் இருக்கிறது, அழுத்தி அடைத்தால் காற்றே இல்லாமல் வெடித்துச் சிதையக்கூடும். வெல்டிங் பட்டறையில் நிற்கும் அசிட்டிலீன் சிலிண்டருக்குள் வெற்றிடம் இல்லை. நுண்துளைப் பொருள் ஒன்றை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில்தான் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். நைட்ரஜனிலோ மூன்று N–N சேர்ந்தும் 489 தான், ஒரு N≡N 945. அது தன் பை பிணைப்புகளைக் கொடுத்து ஒற்றைப் பிணைப்புத் தொடராக மாறினால் நட்டம்தான் மிஞ்சும். எனவே அதை எவ்வளவு அழுத்தமாகச் சிலிண்டரில் அடைத்தாலும் இப்படிச் சிதையாது.

நீளம் குறைஞ்சா பலம் கூடும்னு எந்த ரெண்டு பிணைப்பையும் ஒப்பிடலாமா?

ஒரே இரு தனிமங்களுக்கிடையே உள்ள ஒற்றை, இரட்டை, முப்பிணைப்புகளை ஒப்பிடும்போது இந்த விதி நம்பத்தக்கது. தனிமங்கள் மாறினால் விதி தளர்ந்துவிடும். C–H நீளம் 109 பிகோமீட்டர், C≡C 120. குட்டையானது C–H, ஆனால் அதன் ஆற்றல் சுமார் 413, மற்றதோ 839. ஹைட்ரஜன் மிகச் சிறிய அணு என்பதால்தான் அந்தப் பிணைப்பு குட்டை.

F–F, Cl–Cl இணையைத் தேர்வில் வேண்டுமென்றே வைப்பார்கள். F–F 142 பிகோமீட்டர், 158 கிலோஜூல். Cl–Cl 199 பிகோமீட்டர், 242 கிலோஜூல். நீளமானதே வலியது. காரணம் N–N-க்கு முந்தைய விடையில் சொன்னதுதான். ஃபுளூரினில் ஒவ்வோர் அணுவிலும் மூன்று தனித்த இணைகள் இருப்பதால் விலக்கு இன்னும் கடுமை.

முதல் பிணைப்பு எப்பவும் சிக்மான்னா, C2-ல ரெண்டுமே பைன்னு என்.சி.இ.ஆர்.டி. புக்ல போட்டிருக்கே?

மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையின் எளிய வடிவப்படி நூல் சொல்வது சரி. C2-இல் இணைதிற எலக்ட்ரான்கள் எட்டு. அவற்றில் நான்கு, 2s-இலிருந்து வரும் பிணைப்பு ஆர்பிட்டாலையும் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலையும் நிரப்பி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மீதி நான்கும் இரு பை ஆர்பிட்டால்களுக்குப் போகின்றன, ஏனெனில் இந்த மூலக்கூறில் 2p சிக்மா ஆர்பிட்டால் அவற்றைவிட உயர்ந்த ஆற்றலில் இருக்கிறது. பிணைப்புத் தரம் இரண்டு, இரண்டும் பை.

ஆனால் அந்த ஈடுசெய்தல் முழுமையானது என்று கொள்வது ஒரு தோராயமே. C2-இல் உள்ளவை இரண்டு பிணைப்புகளா, நான்கு வரை சொல்லலாமா என்று 2012-இலிருந்து ஆய்வாளர்களிடையே வெளிப்படையான விவாதம் நடந்திருக்கிறது. இது ஆவி நிலையில் மிக உயர்ந்த வெப்பத்தில் தோன்றும் தனி மூலக்கூறு. கார்பைடு அயனிக்கு இரண்டு எலக்ட்ரான்கள் கூடுதல் என்பதால் அங்கே சிக்மா ஆர்பிட்டாலும் நிரம்பி, மேலே எழுதியபடி ஒரு சிக்மா, இரண்டு பை என்றே ஆகிறது. வினாவில் C2 என்று இருக்கிறதா, CaC2 என்று இருக்கிறதா என்பதைப் படித்த பிறகே விடையைக் குறியுங்கள்.